‘கே’ என்று தேடினால் ‘கோமதி’ வருகிறார்: மூன்று முறை எழுதிய ஒரு பிழைப் புகார்

இது ஒரு சிறிய நூலகத்தில் நடந்தது. உறுப்பினர் பதிவேட்டு மென்பொருளில் வந்த ஒரு பிழையை, அதை விற்ற நிறுவனத்தின் ஆதரவுக் குழுவுக்குப் புரியவைக்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. பிழையைச் சரிசெய்ய அவர்களுக்கு இரண்டே நாள்தான் தேவைப்பட்டது. அந்தப் பதினொரு நாளும் எங்கே போயின என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். நூலகம், நிறுவனம், ஆட்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. உறுப்பினர் பெயர்களும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை.

பின்னணி

உறுப்பினர் பட்டியல் பல வருடங்களாக ஒரு பழைய கணினியில் இருந்தது. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய தமிழ் எழுத்துரு ஒன்றில் அடித்த பட்டியல் அது. புதிய மென்பொருள் உலாவியில் ஓடுவது. யூனிகோடைத் தவிர வேறு எதையும் ஏற்காது. அதனால் பழைய பட்டியலை ஒரு மாற்றி நிரல் வழியாக யூனிகோடுக்கு மாற்றி, கோப்பாக்கி, ஒரே மூச்சில் உள்ளே ஏற்றினோம். ஏற்றிய அன்று நானும் இன்னொருவரும் நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தோம். பெயர்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தன. வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

மென்பொருளில் கோளாறு என்றால் நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் டிக்கெட் போட வேண்டும். முதலில் ஆதரவுக் குழுவில் ஒருவர் பார்ப்பார். அவர் தன் சோதனைக் கணக்கில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் டிக்கெட் நிரலாளர்களிடம் போகும். வரவழைக்க முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இந்த நடைமுறை எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் முதல் புகாரையே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

முதலில் கண்ணில் பட்டது

பட்டியலை ஏற்றி மூன்று வாரம் இருக்கும். புத்தகத்தைத் திருப்பித் தர வந்த ஓர் அம்மா அட்டையைக் கொண்டுவரவில்லை. மேசையில் இருந்த அக்கா பெயரைத் தேடினார். ‘கோமதி’ என்று அடித்தால் ‘பதிவுகள் இல்லை’ என்று வந்தது. அந்த அம்மாவோ பல வருட உறுப்பினர். உறுப்பினர் எண்ணைத் தேடிப் பிடித்து அதை அடித்தால் பதிவு வந்தது. பெயர் ‘கோமதி’ என்றே இருந்தது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

அதன் பிறகு விசாரித்தபோதுதான் இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. வேறு நேரத்தில் மேசையில் இருந்தவர்கள், பெயர் வராதபோது ‘சரி, பட்டியலில் விட்டுப்போயிருக்கும்’ என்று எண்ணி, அதே ஆளைப் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண். பழைய எண்ணில் அவர் எடுத்த புத்தகம் நிற்கிறது. புதிய எண்ணில் ஒன்றுமே இல்லை. ஒரே பெயரும் பிறந்த தேதியும் இரண்டு முறை வந்தால் எச்சரிக்கும் வசதி மென்பொருளில் உண்டு. அதுவும் வாய் திறக்கவில்லை. இது ஒரு முக்கியமான தடயம். அன்றைக்கு அதை யாரும் தடயமாகப் பார்க்கவில்லை.

முதல் புகார்

அன்று மாலையே டிக்கெட் போட்டேன். நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“தேடல் வேலை செய்யவில்லை. பல உறுப்பினர்களின் பெயர் வருவதில்லை. மிக அவசரம். உடனே சரிசெய்யவும்.”

கூடவே கைப்பேசியில் திரையைப் பிடித்த ஒரு படம். கொஞ்சம் சாய்ந்திருந்தது, விளக்கு வெளிச்சம் நடுவில் பட்டு, தேடல் பெட்டியில் என்ன அடித்திருக்கிறோம் என்பதே சரியாகத் தெரியவில்லை. ‘பதிவுகள் இல்லை’ என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் பதில் வந்தது. உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டுத் திரும்ப முயலச் சொன்னார்கள். செய்தோம், மாற்றம் இல்லை. சொன்னேன். அதற்கு அடுத்த நாள், எந்தப் பக்கத்தில், எந்தப் பெயரை, எப்படித் தேடினோம் என்று கேட்டார்கள். மூன்று நாள் இப்படிப் போனது.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது படித்தால் அவர்கள் வேறு எதுவும் செய்திருக்க முடியாது என்று புரிகிறது. ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்பது உண்மையும் இல்லை. தேடல் பெரும்பாலான பெயர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. எது வருகிறது, எது வரவில்லை என்ற எல்லையைச் சொல்லாமல், மொத்தத்தையும் கெட்டது என்று எழுதியிருந்தேன்.

இரண்டாம் புகார்

நான்காம் நாள் உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். உலாவி எது, மென்பொருளின் பதிப்பு எண் என்ன, எந்தப் பட்டியை அழுத்தி எங்கே போக வேண்டும், என்ன அடிக்க வேண்டும், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் எல்லாம் இருந்தன. இந்த முறை கணினியிலேயே திரைப்பிடிப்பு எடுத்தேன், இரண்டு படம். ஒன்று பெயரைத் தேடி ஒன்றும் வராத படம். மற்றது எண்ணைத் தேடி அதே பெயர் வந்த படம். உறுப்பினர் எண்ணையும் கொடுத்து, எங்கள் கணக்குக்குள் வந்து பார்க்க அனுமதியும் கொடுத்தேன்.

எந்த வழிகாட்டியை எடுத்துப் பார்த்தாலும் இது நல்ல புகார்தான். ஆனால் இதுவும் தோற்றது. இரண்டு காரணம்.

முதலாவது, ஆதரவுக் குழுவில் இருந்தவர் தன் சோதனைக் கணக்கில் ‘கோமதி’ என்று ஒரு புதிய உறுப்பினரைத் தட்டச்சு செய்து பதிந்தார். தேடினார், வந்தது. என் படிகளை அவர் வரிசை மாறாமல் செய்திருந்தார். ஆனால் நான் எழுதிய படிகள் தேடல் பெட்டியில் தொடங்கின. அந்தப் பதிவு எப்படி உள்ளே வந்தது என்பதை நான் எழுதவே இல்லை. பட்டியலை ஏற்றியது மூன்று வாரத்துக்கு முந்தைய கதை; அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது இன்னும் வருத்தமானது. அவர் எங்கள் கணக்குக்குள்ளும் வந்து நான் குறிப்பிட்ட அதே கோமதியைத் தேடியிருக்கிறார். அங்கேயும் வந்துவிட்டது. “உங்கள் கணக்கிலேயே வருகிறதே சார்” என்று படத்துடன் பதில் போட்டு, ‘மீண்டும் வரவழைக்க முடியவில்லை’ என்ற குறிப்போடு டிக்கெட்டை மூடிவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே தேடிப் பார்த்தேன். வந்தது.

அக்கா சொன்னது

மேசைக்குப் போய், “அக்கா, கோமதி இப்போ வர்றாங்களே?” என்று கேட்டேன். “ஆமா தம்பி, நான்தான் சரி பண்ணேன்” என்றார். ஒரு பெயர் தேடலில் வராவிட்டால், எண்ணை வைத்துப் பதிவைத் திறந்து, பெயரை அழித்துவிட்டு அதே பெயரைத் திரும்ப அடித்துச் சேமித்தால் வந்துவிடுகிறது என்று அவரே கண்டுபிடித்திருந்தார். ஒரு வாரமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். வேலை நடக்க வேண்டுமே. நான் சாட்சியாகக் காட்டிய பதிவை, ஆதரவுக் குழு பார்ப்பதற்குள் அவர் சரிசெய்துவிட்டார்.

பிறகு அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். “பழைய பேரை அழிக்கும்போது ஒரு மாதிரி அழியுது தம்பி. கோ-வை அழிச்சா கே-ன்னு நிக்குது. இன்னொரு தடவை அழிச்சாத்தான் க ஆகுது. நாம புதுசா அடிச்ச பேருல அப்படி இல்லை.”

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பதிவு ஒன்றைத் திறந்து பெயரின் கடைசியிலிருந்து பின்நகர்வு விசையைத் தட்டினார். இகரக் குறி போனது, த போனது, ம போனது. ‘கோ’ மட்டும் நின்றது. இன்னொரு தட்டு. வலப்பக்கத்துக் கால் மட்டும் மறைந்து ‘கே’ நின்றது. புதிதாகப் பதிந்த பெயரில் அதே தட்டுக்கு ஓகாரம் முழுவதுமாகப் போய் ‘க’ மட்டும் மிஞ்சியது.

திரையில் ஒரே எழுத்தாகத் தெரிவது உள்ளே இரண்டு விதமாக இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இந்தத் தகவல் ஒரு வாரமாக அக்காவிடம் இருந்தது. புகார் எழுதிய நான் அவரிடம் கேட்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்கும் தோன்றவில்லை.

எல்லையைக் கண்டுபிடித்தது

இனிமேல் ஊகத்தில் எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன். முதல் வேலையாக, எந்தப் பழைய பதிவிலும் பெயரைத் திரும்ப அடிக்க வேண்டாம், வராத பெயர்களை ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும் என்று எல்லோரிடமும் சொன்னேன். மேசையில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் வேலைதான். ஆனால் பிழை அப்படியே கிடந்தால்தான் காட்ட முடியும்.

அப்புறம் இருபது பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். அக்கா திருத்தாத இன்னொரு கோமதி, லோகநாதன், யோகேஸ்வரி, பொன்னி, மனோகரி வரவில்லை. கமலா, ரவி, மீனாட்சி, கேசவன் வந்தார்கள். ‘பழைய பட்டியலில் இருந்து வந்தவை எல்லாம் கெட்டுவிட்டன’ என்ற என் முதல் ஊகம் இதிலேயே அடிபட்டது; ரவியும் மீனாட்சியும் பழைய பட்டியல்தான். ‘ஒகரம் ஓகாரம் வந்தால் வராது’ என்பது அடுத்த ஊகம். அதுவும் முழுதாக நிற்கவில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த மோகன் வந்தார். பழைய பட்டியலில் இருந்த ஓவியாவும் வந்தார். ஓவியாவின் ஓ தனி உயிரெழுத்து. மெய்யோடு சேர்ந்தது இல்லை. ஆக, இரண்டு நிபந்தனையும் சேர வேண்டும்: பெயர் பழைய கோப்பிலிருந்து வந்திருக்க வேண்டும், அதில் ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய் இருக்க வேண்டும்.

அடுத்த சோதனை எனக்கே வியப்பாக இருந்தது. வராத ஒரு பெயரை அந்தப் பதிவிலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். வந்தது. அதையே கையால் அடித்தேன். வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று; மென்பொருளுக்கு வேறு வேறு.

பிறகு இரண்டு பெயரையும் ஒரு விரிதாளில் ஒட்டி, உள்ளே எத்தனை குறிகள் என்று எண்ண `=LEN(A1)` போட்டேன். தட்டச்சு செய்த கோமதி 5, பழைய கோமதி 6. இரண்டாவது இடத்தில் இருப்பது என்ன என்று `=DEC2HEX(UNICODE(MID(A1,2,1)))` போட்டுப் பார்த்தால், ஒன்றில் `BCB`, மற்றதில் `BC7`. முதலாவது ஓகாரக் குறி. இரண்டாவது ஏகாரக் குறி. அதற்கடுத்து `BBE`, அதாவது கால், தனியாக நின்றது.

காரணமும் அதோடு விளங்கியது. பழைய எழுத்துருவில் ‘கோ’ அடிக்க முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்றையும் அடிப்போம். மாற்றி நிரல் கொம்பை எடுத்து க-வுக்குப் பின்னால் வைத்தது; காலை அதன் இடத்திலேயே விட்டுவிட்டது. கொம்பும் காலும் சேர்ந்தால் ஓகாரம் என்று அது சேர்க்கவில்லை. திரையில் காட்டும்போது இரண்டும் ஒரே வடிவமாக வரைவதால், ஏற்றிய அன்று புரட்டிப் பார்த்த எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தும் எச்சரிக்கை வராததற்கும் இதுவே காரணம். அந்தச் சோதனைக்கும் இவை இரண்டு வேறு பெயர்கள்.

மூன்றாம் புகார்

இப்போது என்னிடம் காரணம் இருந்தது. ஆனாலும் காரணத்தை முதலில் எழுதவில்லை. படிப்பவர் தன் கணினியில் அதை வரவழைத்துப் பார்க்க முடியாவிட்டால், என் காரணம் இன்னொரு ஊகம் மட்டும்தான்.

உண்மையான உறுப்பினர்களைத் தொடவில்லை. இரண்டே வரி உள்ள ஒரு கோப்பை உருவாக்கினேன்: எண் 9001, பழைய வடிவக் கோமதி, எண் 9002, புதிய வடிவக் கோமதி. அதை எங்கள் சோதனைக் கணக்கில் ஏற்றி, வேறு கணினியில் வேறு உலாவியில் நானே படிகளைச் செய்து பார்த்தேன். அங்கேயும் அதே பிழை. அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

தலைப்பில் ‘அவசரம்’ என்ற சொல் இல்லை. “கோப்பிலிருந்து ஏற்றிய பெயர்களில் ஒகர, ஓகார உயிர்மெய் இருந்தால் பெயர்த் தேடலில் வருவதில்லை” என்று வைத்தேன். கீழே இருந்தது இது:

“செய்த படிகள்:
1. காலியான சோதனைக் கணக்கில் ‘உறுப்பினர்கள்’, ‘கோப்பிலிருந்து ஏற்று’ என்று போய், இணைத்துள்ள `test2.csv` கோப்பை ஏற்றவும். திறந்து சேமிக்க வேண்டாம், அப்படியே ஏற்றவும்.
2. தேடல் பெட்டியில் ‘கோமதி’ என்று விசைப்பலகையில் அடிக்கவும். ஒட்ட வேண்டாம்.
3. பெட்டியைக் காலி செய்து ‘கே’ என்று மட்டும் அடிக்கவும்.

நடந்தது: படி 2-இல் 9002 மட்டும் வருகிறது. படி 3-இல் 9001 வருகிறது.

நடந்திருக்க வேண்டியது: படி 2-இல் இரண்டும் வர வேண்டும். படி 3-இல் எதுவும் வரக் கூடாது.”

படி 2-இல் ‘ஒட்ட வேண்டாம்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சோதிப்பவர்கள் பெரும்பாலும் புகாரில் இருக்கும் சொல்லை நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டும் சொல் பழைய வடிவத்தில் இருந்தால் 9001 வந்துவிடும், பிழை ஒளிந்துகொள்ளும். படி 1-இல் ‘திறந்து சேமிக்க வேண்டாம்’ என்றதும் அதே மாதிரிதான்; விரிதாளில் திறந்து சேமித்தால் கோப்பின் குறியாக்கமே மாறிப்போக வாய்ப்பு உண்டு.

படி 3 எனக்கு மிகவும் பிடித்த படி. ‘கே’ என்று அடித்தால் கோமதி ஏன் வருகிறார்? உள்ளே அந்தப் பெயர் க, ஏகாரக் குறி என்றுதான் தொடங்குகிறது. இரண்டாம் புகாரின் படங்களால் சொல்ல முடியாததை இந்த ஒரு படம் சொல்லிவிட்டது. ஒரு பெயர் வராத படத்தைப் பார்த்தால் யாரும் எழுத்துப்பிழை என்றோ முன்னால் ஒரு இடைவெளி இருக்கும் என்றோ நினைக்கலாம். ‘கே’ என்ற தேடலுக்குக் கீழே ‘கோமதி’ நிற்கும் படத்துக்கு அப்படி ஒரு எளிய சமாதானம் கிடையாது. எழுத்தின் படம் எழுத்து ஆகாது. உள்ளே இருக்கும் குறியெண்ணை அது காட்டாது. ஆனால் தவறான நடத்தையைப் படம் காட்டும். அதனால்தான் உரையைக் கோப்பாகவும், நடத்தையைப் படமாகவும் கொடுத்தேன்.

படங்களை வெட்டவில்லை. முகவரிப் பட்டை, பதிப்பு எண், தேடல் பெட்டி, முடிவு எல்லாம் ஒரே படத்தில் தெரிந்தன. இரண்டாம் புகாரில் அனுப்பிய படத்தில் ஓர் உறுப்பினரின் தொலைபேசி எண்ணும் தெரிந்திருந்தது என்பதை இதற்கிடையில்தான் கவனித்தேன். அந்தப் படத்தை நீக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதினேன். அது என் தவறு. சோதனைப் பதிவை வைத்துப் படம் எடுத்திருந்தால் அந்தத் தவறே நடந்திருக்காது.

கடைசியாகத்தான் காரணத்தைத் தொட்டேன். ‘எங்கள் கணிப்பு’ என்று தனியாகப் பிரித்து, இரண்டு பெயரின் குறியெண்களையும் கொடுத்தேன்:

```
9001  0B95 0BC7 0BBE 0BAE 0BA4 0BBF
9002  0B95 0BCB      0BAE 0BA4 0BBF
```

எதிர்பார்த்த முடிவுக்கு ஒரு வரி நியாயமும் சேர்த்தேன். இதை எழுதத்தான் அதிக நேரம் எடுத்தது. வெறுமனே ‘கோமதி வர வேண்டும்’ என்று எழுதினால், ‘உங்கள் மாற்றி நிரல் செய்த தவறு, தரவைத் திருத்திக்கொள்ளுங்கள்’ என்று பதில் வரலாம். அதில் பாதி நியாயமும் உண்டு. ஆனால் யூனிகோட் தரப்பாடு `0BC7 0BBE` என்ற இணையையும் `0BCB` என்ற ஒற்றைக் குறியையும் ஒன்றுக்கொன்று சமமானவை என்றே வரையறுக்கிறது. அதனால் இரண்டையும் ஒரே பெயராக நடத்துவது மென்பொருளின் பொறுப்பு என்று எழுதினேன்.

பிறகு நடந்தது

அன்று மதியமே பதில் வந்தது: “வரவழைக்க முடிந்தது சார். நிரலாளர் குழுவுக்கு அனுப்பிவிட்டோம்.” அது பதினொன்றாம் நாள். இரண்டு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. கோப்பிலிருந்து ஏற்றினாலும் கையால் அடித்தாலும் பெயரைச் சேமிக்கும் முன் `NFC` என்ற ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள்; தேடும் சொல்லையும் அப்படியே மாற்றுவார்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பெயர்களை ஒரே ஓட்டத்தில் மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். அதற்கு முன்னால் முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டோம்.

திருத்தம் வந்ததும் என் மூன்று படிகளை அதே வரிசையில் திரும்பச் செய்தேன். படி 2-இல் இரண்டு கோமதியும் வந்தார்கள். படி 3-இல் எதுவும் வரவில்லை. தாளில் குறித்து வைத்திருந்த பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடினோம்.

நான்கு பெயர்கள் மட்டும் அப்போதும் வரவில்லை. எல்லாம் ‘சௌ’ என்று தொடங்குபவை. குறியெண்ணைப் பார்த்தால், ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் எகரக் கொம்பும், அடுத்து ள என்ற முழு எழுத்தும் இருந்தன. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதியை ள விசையால்தான் அடித்திருக்கிறோம். மாற்றி நிரல் அதை ள என்றே எடுத்துக்கொண்டது.

இதற்குத் தனி டிக்கெட் போட்டேன். மூடிய டிக்கெட்டிலேயே ‘இன்னும் சரியாகவில்லை’ என்று எழுதியிருந்தால், வேலை செய்த திருத்தத்தையே சந்தேகப்பட்டிருப்பார்கள். பதில் தெளிவாக வந்தது: இது மென்பொருள் பிழை அல்ல, எழுத்தே வேறு. யூனிகோட் இந்த இரண்டையும் சமம் என்று சொல்லவில்லை. தானாக மாற்றினால் வேறு பெயர்கள் கெட்டுவிடும்.

அவர்கள் சொன்னது சரி. ‘ெள’ என்று வருமிடத்தை எல்லாம் ஔகாரமாக மாற்றச் சொல்லலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் வெள்ளையம்மாள் பெயரில் இருக்கும் ‘வெள்’ உடைந்திருக்கும். அங்கே கொம்பும் ள-வும் சேர்ந்து வருவதுதான் முறை. எதிர்பார்த்த முடிவு என்று எதை எழுதுகிறோமோ அது எல்லாப் பெயருக்கும் பொருந்துமா என்று பார்க்காமல் எழுதக் கூடாது. அந்த டிக்கெட்டை நானே திரும்பப் பெற்றேன். நான்கு பெயரையும் அக்கா கையால் திருத்தினார்.

திரும்ப நடந்தால் மாற்றிச் செய்வது

படிகளைத் தேடல் பெட்டியிலிருந்து தொடங்க மாட்டேன். பதிவு உள்ளே வந்த இடத்திலிருந்து தொடங்குவேன். இந்தப் பிழை தேடலில் வெளிப்பட்டது, பிறந்தது ஏற்றுமிடத்தில். இரண்டாம் புகாரில் ‘இந்தப் பெயர் கோப்பிலிருந்து ஏற்றியது’ என்ற ஒரு வரி இருந்திருந்தால், சோதித்தவர் கையால் அடித்துப் பார்த்து மூடியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

எழுத உட்காரும் முன், அந்தத் திரையில் தினமும் வேலை செய்பவரின் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்பேன். அவர் தற்காலிகமாக ஏதாவது வழி கண்டுபிடித்திருக்கிறாரா என்று முதலில் கேட்பேன். அந்த வழியையும் புகாரில் எழுதுவேன். ‘திரும்ப அடித்தால் சரியாகிறது’ என்பது நிரலாளருக்குப் பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். சாட்சியாகக் காட்டும் பதிவை யாரும் தொடாமல் இருக்க ஏற்பாடு செய்த பிறகே எண்ணைக் கொடுப்பேன்.

ஆதரவுக் குழுவின் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் டிக்கெட்டை மூடும் முன், ‘உங்கள் பதிவு இடையில் திருத்தப்பட்டிருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பதிவின் வரலாற்றுப் பக்கத்தில் அக்கா சேமித்த நேரம் இருந்தது. அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இரட்டையாகப் பதிந்த உறுப்பினர்களை இணைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. திருத்தத்துக்குப் பிறகு எச்சரிக்கை வசதி அவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறது. புதிதாகப் பதியும்போது பிறந்த தேதியைத் தோராயமாகப் போட்ட சிலரை மட்டும் அது பிடிக்கவில்லை. அவர்கள் அடுத்த முறை வரும்போது மேசையில் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.